பிடித்தது யார்? வெளிநாட்டு கிளையன்ட், காணாமல் போன டிடிஎஸ் சான்றிதழ்

2025 பிப்ரவரி, பிசான அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். பத்தமடையிலிருந்து ஒரு தம்பி வண்ணார்பேட்டையில் இருக்கும் என் அறைக்கு வந்தார். டிசைன் வேலை செய்பவர். அமெரிக்க நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே லோகோவும் பேக்கேஜ் டிசைனும் செய்து கொடுக்கிறார். அதோடு, ஊர்க் கோரைப்பாயின் கோடுகளையும் கட்டங்களையும் கணினியில் வரைந்து, ஓர் அமெரிக்க டிசைன் சந்தைத் தளத்தில் உரிமத்துக்கு விடுகிறார். வாங்குகிறவர்கள் அதைத் துணியிலோ அட்டையிலோ அச்சடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு உரிமத்துக்கும் இவருக்குக் காசு.

"அண்ணாச்சி, நவம்பர் பில் 2,000 டாலர். 1,400தான் அனுப்பியிருக்கான். 600 டாலர் டாக்ஸ் பிடிச்சிட்டோம்ங்கான். 16A குடுன்னு கேட்டா, அப்படின்னா என்னன்னு கேக்கான். 26AS-ல போய்ப் பார்த்தா ஒண்ணையும் காணல. அந்தப் பணம் எங்கதான் போச்சு?"

வெளிநாட்டு கிளையன்டுக்கு வேலை செய்கிற பத்துப் பேரில் பாதிப் பேராவது ஏதாவது ஒரு வருடம் இந்தக் கேள்வியோடு வருவார்கள். டிடிஎஸ் என்றால் பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. அதற்கு அவர் தரும் சான்றிதழ் 16A, அது உங்கள் பெயரில் ஏறும் வருமான வரித் துறைப் பட்டியல் 26AS. டிடிஎஸ் என்ற ஒரே சொல்லை மூன்று வேறு விஷயங்களுக்குச் சொல்வதால் வரும் குழப்பம் இது. குறைந்த பணம் பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றுக்குத்தான் போயிருக்கும்: வங்கிக்கு, இந்திய அரசுக்கு, அல்லது வெளிநாட்டு அரசுக்கு. எங்கே போனது என்று தெரிந்துவிட்டால், எந்தத் தாளைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். அதனால் அறிகுறியை வைத்தே போவோம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் பிரிவு எண்ணும் படிவ எண்ணும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2024-25 நிதியாண்டின் வரவுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருகிறது. அதற்குப் பிந்தைய வரவுக்கு எண்கள் மாறும்.

அறிகுறி 1: பணம் கொஞ்சம் குறைந்து வந்தது, 26AS காலி

கொஞ்சம் என்பதுதான் இங்கே துப்பு. ஆயிரம் டாலர் பில்லுக்கு 975 வந்தது, ஐயாயிரம் டாலர் பில்லுக்கு 4,975 வந்தது என்றால் அது வரியே இல்லை. வரி சதவீதத்தில் போகும். பில் பெரிதானால் பிடித்தமும் பெரிதாகும். எவ்வளவு அனுப்பினாலும் ஒரே தொகை குறைகிறது என்றால், அதை வழியில் இருக்கும் இடைநிலை வங்கி எடுத்துக்கொண்டது. அனுப்பும்போது கட்டணத்தை யார் ஏற்பது என்று கிளையன்ட் தேர்ந்தெடுக்கும் இடத்தில் SHA அல்லது BEN என்று இருந்தால், அந்தக் கட்டணம் உங்கள் தலையில் விழும். OUR என்று இருந்தால் அவர் தலையில்.

சில பேருக்கு டாலர் முழுதாக வந்திருக்கும், ரூபாயில் மட்டும் இணையத்தில் பார்த்த விலைக்குக் குறைவாக இருக்கும். அது வங்கி தரும் மாற்று விலையின் வித்தியாசம், அதோடு நாணய மாற்றுக்கான ஜிஎஸ்டி.

இதற்கு எந்த டிடிஎஸ் சான்றிதழும் கிடையாது. கேட்டு அலைய வேண்டாம். வங்கியிடம் வெளிநாட்டுப் பணவரவு அறிவிப்பு, அதாவது எஃப்ஐஆர்ஏ, கேட்டு வாங்குங்கள். அதில் அனுப்பிய தொகை, வந்த தொகை, மாற்று விலை எல்லாம் இருக்கும். கணக்கில் ஆயிரம் டாலரையும் வருமானமாகக் காட்டிவிட்டு, 25 டாலரை வங்கிக் கட்டணம் என்று செலவில் எழுதிக்கொள்ளலாம்.

அறிகுறி 2: கிளையன்ட் வெளிநாடு, ஆனாலும் 26AS-இல் ஒரு பதிவு இருக்கிறது

வருமான வரித் தளத்தில் நுழைந்து e-File, பிறகு Income Tax Returns, பிறகு View Form 26AS என்று போனால் டிரேசஸ் தளம் திறக்கும். அங்கே பிடித்தவர் பெயருக்குப் பக்கத்தில் நான்கு எழுத்து, ஐந்து இலக்கம், ஓர் எழுத்து என்று பத்து இடத்தில் ஓர் எண் இருக்கும். அதுதான் டான். இந்த எண் வைத்திருப்பவர்தான் இந்திய அரசுக்காக டிடிஎஸ் பிடித்துக் கட்ட முடியும். அவர்தான் 16A தர முடியும். அமெரிக்காவில் மட்டும் இருக்கிற ஒரு சின்ன நிறுவனத்திடம் டான் இருக்காது. அதனால் அவரிடம் 16A கேட்பது, தாமிரபரணியில் இறங்கிக் கடல் மீனைத் தேடுவது போல.

அப்படியானால் இந்தப் பதிவு எப்படி வந்தது? பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, கிளையன்டின் இந்தியக் கிளை நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்திருக்கும். அப்போது பிரிவு 194J என்று இருக்கும். தொழில்முறைச் சேவை என்றால் பத்து சதவீதம், தொழில்நுட்பச் சேவை என்றால் இரண்டு சதவீதம். மற்றொன்று, ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் தளமே, வெளிநாட்டுத் தளமானாலும், இந்தியாவில் டான் வாங்கி 194-O பிரிவில் பிடித்திருக்கும். அது 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம்தான், அதற்கு முன் ஒரு சதவீதம். பான் கொடுக்காமல் விட்டவர்களுக்கு ஐந்து சதவீதம். தளத்தில் பான் பதியாமல் விட்டுவிட்டு, 'வெளிநாட்டுக்காரன் அஞ்சு பர்சென்ட் அடிக்கிறான்' என்று புலம்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடித்தது வெளிநாட்டுக்காரன் இல்லை.

இந்த வகைப் பணம் பத்திரமாக இருக்கிறது. ரிட்டர்னில் அப்படியே வரியில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். ஒரே ஒரு சிக்கல், அந்தப் பதிவுக்கு நேரே நிலை என்னவென்று பார்க்க வேண்டும். F என்று இருந்தால் கட்டியது கணக்கில் சேர்ந்துவிட்டது. U என்று இருந்தால் பிடித்தவர் கட்டியதும் அவர் தாக்கல் செய்ததும் பொருந்தவில்லை. பிடித்ததாகச் சொல்லியும் உங்கள் பெயரில் வரவே இல்லை என்றால், பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்க வாய்ப்பு அதிகம். எதுவானாலும் திருத்த வேண்டியவர் பிடித்தவர்தான். அவர் தன் காலாண்டு அறிக்கையைத் திருத்தித் தாக்கல் செய்தால் சரியாகும். நீங்கள் எங்கும் போய்த் திருத்த முடியாது.

அறிகுறி 3: பெரிய சதவீதம் போயிருக்கிறது, 26AS காலி, டான் இல்லை

பத்தமடைத் தம்பியின் கதை இதுதான். 2,000-இல் 600 என்றால் முப்பது சதவீதம். அமெரிக்காவில் வெளிநாட்டவருக்குப் பணம் கொடுக்கும்போது பிடிக்கும் அடிப்படை விகிதம் இதே முப்பது. ஆகப் பணம் அமெரிக்க அரசுக்குப் போகிறது. இந்திய அரசுக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது, 26AS-இலும் எந்தக் காலத்திலும் ஏறாது. காத்திருந்து பயனில்லை.

அங்கே 16A-க்கு இணையான தாள் 1042-S. ஒரு காலண்டர் வருடத்தில் பிடித்ததற்கு, அடுத்த வருடம் மார்ச் 15-க்குள் கிளையன்ட் அதைக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளில் நமக்கு வேண்டியவை நான்கே கட்டங்கள். கட்டம் 1-இல் வருமான வகையின் குறியீடு, 2-இல் மொத்தத் தொகை, 3b-இல் விகிதம், 7a-இல் பிடித்த வரி. இவற்றில் முதலில் பார்க்க வேண்டியது குறியீடு. பணம் திரும்புமா, இங்கே கழிக்கலாமா என்பதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. 17 என்றால் தனி ஆளாகச் செய்த சேவைக்கான கூலி. 12 என்றால் பதிப்புரிமை, மென்பொருள் போன்றவற்றுக்கான ராயல்டி.

தம்பிக்கு இரண்டும் உண்டு. லோகோ வரைவது சேவை, பாய் டிசைனை உரிமத்துக்கு விடுவது ராயல்டி. அவருக்கு இரண்டும் ஒன்றுதான்: ஒரே மேசை, ஒரே கணினி, ஒரே டாலர். வரிச் சட்டத்துக்கு இரண்டும் வேறு ஊர்.

3அ: சேவைப் பணத்தில் பிடித்திருந்தால்

அமெரிக்கச் சட்டத்தில் சேவைக்கான வருமானம், வேலை எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துக்குரியது. பணம் கொடுப்பவர் எங்கே இருக்கிறார் என்பது கணக்கில் வராது. தம்பி பத்தமடையை விட்டு நகரவே இல்லை. அப்படியென்றால் அந்த 2,000 டாலர் அமெரிக்க மூல வருமானமே இல்லை; பிடிக்க வேண்டியது பூஜ்யம். இந்திய-அமெரிக்க இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 15-ஆவது பிரிவும் இதே பக்கம்தான். அங்கே நிலையான அலுவலகம் இல்லாமல், ஒரு வரி ஆண்டில் 90 நாள் தங்காமல் இருந்தால், தனி ஆள் செய்யும் தொழில்முறைச் சேவைக்கு இந்தியாவில் மட்டுமே வரி.

பிறகு ஏன் பிடித்தார்கள்? தம்பி W-8BEN என்ற படிவத்தைக் கொடுக்கவில்லை. ஆகஸ்டிலேயே கேட்டு மெயில் வந்திருக்கிறது; ஏதோ விளம்பரம் என்று விட்டுவிட்டார். ஆள் யார், எந்த நாட்டவர் என்று கையில் தாள் இல்லாத கணக்குப்பிள்ளை, தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள முப்பதைப் பிடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இங்கேதான் நம் ஆட்கள் பெரிதாகத் தவறு செய்கிறார்கள். 'போனது போகட்டும், இந்திய வரியில் கழித்துக்கொள்ளலாம், ஒப்பந்தம்தான் இருக்கிறதே' என்று நினைக்கிறார்கள். கழிக்க முடியாது. வெளிநாட்டு வரிச் சலுகையைச் சொல்லும் வருமான வரி விதி 128, ஒப்பந்தப்படி கட்ட வேண்டியதைவிட அதிகமாகக் கட்டியிருந்தால் அந்த மிகையைக் கணக்கில் எடுக்காதே என்கிறது. இங்கே ஒப்பந்தப்படி கட்ட வேண்டியது பூஜ்யம். ஆகவே 600 டாலரும் மிகை. முழுச் சான்றிதழ் கையில் இருந்தாலும் இந்தியாவில் அது செல்லாக்காசு. தப்பாகப் பிடித்த வரியை, பிடித்தவர் வழியாகத்தான் மீட்க வேண்டும்.

மீட்பதற்கு நேரம் முக்கியம். கிளையன்ட் இன்னும் 1042-S தாக்கல் செய்யவில்லை என்றால் அவரே தன் கணக்கில் சரிசெய்து பணத்தைத் திருப்பித் தர வழி இருக்கிறது. தாக்கல் ஆகிவிட்டால், நீங்கள் அமெரிக்க வரி எண்ணுக்கு விண்ணப்பித்து, 1040-NR என்ற அமெரிக்க ரிட்டர்னைத் தாக்கல் செய்து திரும்பக் கேட்க வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் 600 டாலருக்காக அந்த மலையேற்றத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தம்பி வந்தது பிப்ரவரி என்பதால் வழி திறந்திருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து W-8BEN நிரப்பினோம். பெயர் பான் அட்டையில் உள்ளபடி. முகவரி பத்தமடை வீட்டு முகவரி. தபால் பெட்டி எண் கூடாது. 6a வரியில், உங்கள் நாட்டு வரி எண் என்று கேட்கும் இடத்தில், பான். கையெழுத்து, தேதி. கூடவே கிளையன்டுக்கு ஒரு மெயில், சுற்றி வளைக்காமல் இப்படி:

```
All services under invoice dated November 2024 were
performed by me in India. I was not present in the US.
The payment is foreign-source income. Signed W-8BEN is
attached. Please refund the USD 600 withheld before
Form 1042-S is issued.
```

நான்கு நாளில் பதில் வந்தது. மார்ச் மாதப் பணத்தோடு 600 டாலரும் சேர்ந்து வந்தது. இந்தப் படிவம் கையெழுத்திட்ட வருடத்துக்குப் பிறகு மூன்று காலண்டர் வருடம் முடியும்வரை செல்லும். தம்பியுடையது 2028 டிசம்பர் 31 வரை. முகவரியோ நாடோ மாறினால் உடனே புதிது கொடுக்க வேண்டும்.

பணம் வந்தாலும் வராவிட்டாலும், இந்தியக் கணக்கில் நவம்பர் வருமானம் 2,000 டாலர்தான். 1,400-ஐ மட்டும் காட்டிவிட்டு இருக்கக் கூடாது.

3ஆ: ராயல்டியில் பிடித்திருந்தால்

சந்தைத் தளம் கதை வேறு. அங்கே தம்பிக்கு வருவது பதிப்புரிமையைப் பயன்படுத்தக் கொடுக்கும் காசு. பத்தமடையில் உட்கார்ந்து வரைந்தார் என்பது இங்கே உதவாது. அமெரிக்காவில் பயன்படுத்துகிற உரிமத்துக்கான காசு அமெரிக்க மூல வருமானம். ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவு இதற்குப் பதினைந்து சதவீதம்வரை பிடிக்க அமெரிக்காவுக்கு அனுமதி தருகிறது. ஆகவே பிடித்தது சரி. இந்தியாவில் கழிக்கவும் உரிமை உண்டு.

ஆனால் அந்தப் பதினைந்து தானாக வராது. W-8BEN-இன் இரண்டாம் பகுதியில் 9-ஆவது வரியில் இந்தியா என்றும், 10-ஆவது வரியில் 12-ஆவது பிரிவு, 15 சதவீதம், ராயல்டி என்றும் நிரப்பியிருக்க வேண்டும். விட்டால் முப்பது போகும். மேலே சொன்ன விதி 128 அந்தக் கூடுதல் பதினைந்தையும் மிகை என்று தள்ளிவிடும். தம்பி நல்ல வேளையாகத் தளத்தில் சேரும்போதே, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி இதை முடித்திருந்தார். அது W-8BEN என்றே அவருக்குத் தெரியாது.

மார்ச்சில் தளத்திலிருந்து 1042-S வந்தது. குறியீடு 12, மொத்தம் 1,100 டாலர், விகிதம் 15, பிடித்தது 165 டாலர். அப்படியே எடுத்து ரிட்டர்னில் போட்டால் தப்பாகும். அவர்கள் வருடம் ஜனவரி முதல் டிசம்பர். நம் வருடம் ஏப்ரல் முதல் மார்ச். இந்த 1,100-இல் 300 டாலர் 2024 ஜனவரி முதல் மார்ச் வரைக்கானது. அது போன நிதியாண்டு. மீதி 800 டாலரும் அதன் வரி 120 டாலரும்தான் 2024-25-க்குச் சேரும். 2025 ஜனவரி முதல் மார்ச் வரை இன்னொரு 200 டாலர் வந்திருக்கிறது, 30 டாலர் பிடித்திருக்கிறார்கள். அதுவும் இந்த வருடத்துக்கு உரியது. ஆனால் அதற்கான 1042-S, 2026 மார்ச்சில்தான் வரும். ஆக நம் வருடத்துக்கு வருமானம் ஆயிரம் டாலர், வரி 150 டாலர். எந்த ஒரு சான்றிதழிலும் இந்த எண்கள் இருக்காது. தளத்தில் மாதவாரிப் பட்டியலை இறக்கி நாமே பிரிக்க வேண்டும்.

அந்த 300 டாலரின் 45 டாலர் வரியைக் கைவிட்டோம். தம்பி வருமானத்தைக் காட்டியிருந்தார், சலுகையைக் கேட்கவில்லை. அந்த ரிட்டர்னைத் திருத்தும் கெடு ஜனவரியிலேயே முடிந்துவிட்டது.

ரூபாய்க்கு மாற்றுவதற்கும் விதி உண்டு. வரி பிடித்த மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளில் ஸ்டேட் வங்கியின் தந்தி மாற்று வாங்கும் விலை. டிசம்பரில் பிடித்ததற்கு நவம்பர் 30-இன் விலை. ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். இங்கே கணக்கு புரிவதற்காக எல்லாவற்றுக்கும் 84 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

ராயல்டி வருமானம் 84,000 ரூபாய், அமெரிக்காவில் போன வரி 12,600 ரூபாய். தம்பியின் செலவெல்லாம் போக, இந்த ராயல்டியையும் சேர்த்து மொத்த வருமானம் 12 லட்சம். புதிய முறையில் 2024-25-க்கு அதன் வரி 80,000. நான்கு சதவீத மேல்வரியோடு 83,200 ரூபாய். இதில் ராயல்டியின் பங்கு எவ்வளவு? 84,000 என்பது 12 லட்சத்தில் ஏழு சதவீதம். 83,200-இல் ஏழு சதவீதம் 5,824 ரூபாய். சலுகை என்பது இந்த இரண்டில் எது குறைவோ அதுதான்: 12,600-ஆ, 5,824-ஆ? 5,824 மட்டும். மிச்சம் 6,776 ரூபாய் திரும்ப வராது, அடுத்த வருடத்துக்கும் போகாது.

தம்பி முகம் வாடிவிட்டது. "அப்போ பதினஞ்சு பர்சென்ட் முழுசா கிடைக்காதா அண்ணாச்சி?" கிடைக்காது. இந்தியாவில் அந்த வருமானத்துக்கு நீங்கள் சராசரியாக ஏழு சதவீதம்தான் கட்டுகிறீர்கள். அமெரிக்கா வாங்கியதை இந்தியா தன் கையிலிருந்து தராது, தனக்கு வர வேண்டியதை மட்டும் விட்டுக்கொடுக்கும்.

அறிகுறி 4: எல்லாம் சரி, ரிட்டர்னில் சலுகை மட்டும் பூஜ்யமாக வருகிறது

முதலில் வருமானத்தைப் பாருங்கள். 2024-25-இல் புதிய முறையில் மொத்த வருமானம் ஏழு லட்சத்துக்குள் என்றால் 87A தள்ளுபடியில் பொதுவாக வரியே இல்லாமல் போய்விடும். இந்திய வரி பூஜ்யம் என்றால் சலுகையும் பூஜ்யம். பிழை ஒன்றும் இல்லை. தொழில் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வருடம் பலருக்கும் இதுதான் நிலை. படிவம் நிரப்பி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் எழுதினீர்கள் என்று பாருங்கள். வெளிநாட்டு வரியை டிடிஎஸ் அட்டவணையில் போட இடமே இல்லை. அங்கே டான் கேட்கும். எழுத வேண்டியது FSI, TR என்ற இரண்டு அட்டவணைகளில். முதலாவதில் எந்த நாட்டில் என்ன வருமானம், அங்கே எவ்வளவு வரி, இங்கே எவ்வளவு வரி. இரண்டாவதில் கேட்கும் சலுகை. அந்நாட்டு வரி எண் இல்லாதவர்கள் பாஸ்போர்ட் எண்ணை எழுதலாம். இந்த அட்டவணைகள் ITR-4 என்ற ரிட்டர்ன் படிவத்தில் கிடையாது. தம்பி முந்தைய வருடம் அதில்தான் தாக்கல் செய்திருந்தார். இந்த முறை ITR-3-க்கு மாறினோம்.

மூன்றாவது, வெளிநாட்டு வரிச் சலுகை கேட்கும் படிவம் 67. இது இல்லாமல் ரிட்டர்னில் சலுகை கேட்டால், கேட்டதை நீக்கிவிட்டு வரி பாக்கி என்று 143(1) அறிவிப்பு வரும். e-File, Income Tax Forms, File Income Tax Forms என்று போனால் கிடைக்கும். மதிப்பீட்டு ஆண்டு முடியும்வரை கெடு இருக்கிறது, 2024-25 வரவுக்கு அது 2026 மார்ச் 31. ரிட்டர்னையும் உரிய காலத்தில் போட்டிருக்க வேண்டும். கெடு இருக்கிறதே என்று ரிட்டர்னுக்குப் பிறகு போடாதீர்கள். ரிட்டர்னைப் பரிசீலிக்கும் நாளில் படிவம் அங்கே இல்லையென்றால் முதலில் அறிவிப்பு வரும், பிறகு திருத்த மனு போட்டு அலைய வேண்டும். நான் படிவம் 67-ஐ முதலில் போட்டு, ஒப்புகை எண் வந்த பிறகே ரிட்டர்னைத் தொடுவேன். இரண்டிலும் எண்கள் ரூபாய் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும்.

அறிகுறி 5: கிளையன்ட் சான்றிதழே தர மாட்டேன் என்கிறார்

விதி 128 மூன்று வகைத் தாளை ஏற்கிறது: அந்நாட்டு வரித் துறை தருவது, பிடித்தவர் தருவது, நீங்களே கையெழுத்திட்டுத் தருவது. மூன்றாவது என்றால், பிடித்ததற்கு ஆதாரத்தையும் இணைக்க வேண்டும். தம்பியின் ஜனவரி முதல் மார்ச் வரையான 30 டாலருக்கு இதைத்தான் செய்தோம். வருமானத்தின் தன்மை, மொத்தம், பிடித்தது, தேதி எல்லாம் போட்டு ஒரு பக்கம் எழுதி, தளத்தின் மாதவாரிப் பட்டியலையும் வங்கி வரவையும் பின்னால் வைத்து ஒரே பிடிஎஃப் ஆக்கினோம்.

வெறும் மெயிலில் 'வரி பிடித்தோம்' என்று ஒரு வரி வந்தால் அதை ஆதாரம் என்று நம்ப வேண்டாம். ஒரு நிறுவனம் இங்கே இன்னொருவரிடம் அப்படிச் சொல்லி, பிறகு பார்த்தால் அது வரியே இல்லை, தங்கள் சேவைக் கட்டணம் என்று தெரிந்தது. எவ்வளவு பிடித்தீர்கள், எந்த நாட்டு வரி, என்ன விகிதம், எந்தத் தாளில் காட்டுவீர்கள் என்று நான்கு கேள்வியையும் ஒரே மெயிலில் கேளுங்கள். நான்காவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் சந்தேகப்படலாம்.

தம்பிக்கு ஜூலையில் படிவம் 67-உம் ITR-3-உம் போட்டோம். பரிசீலித்து வந்த அறிவிப்பில் 5,824 ரூபாய் அப்படியே ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. அவர் இப்போது பாய் டிசைனுக்கு ஒரு ஃபோல்டர், லோகோ வேலைக்கு ஒரு ஃபோல்டர் என்று பில்களைத் தனியாக வைத்திருக்கிறார். 2026 மார்ச்சில் வரப்போகும் 1042-S-இல் ஜனவரி முதல் மார்ச் வரைக்கான 200 டாலரும் சேர்ந்தே வரும். அதை அடுத்த வருடக் கணக்கில் இரண்டாம் முறை எடுத்துவிடக் கூடாது என்று அந்த ஃபோல்டரின் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்.